ப்ராசஸில் இருக்கும் பணம்

2025 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை மாலை. மதுரையில் இருந்துகொண்டு ஃப்ரீலான்ஸாக மொழிபெயர்க்கும் பெண் ஒருத்தி போன் செய்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், எப்போதும் அக்கா என்றே கூப்பிடுகிறவள்.

“அக்கா, ஒரு மெயில் எழுதியிருக்கேன். அனுப்புறதுக்கு முன்னாடி பாத்துச் சொல்றீங்களா? கொஞ்சம் கோவமா எழுதிட்டேன்னு பயமா இருக்கு.”

அனுப்பச் சொல்லிப் படித்தேன். கோபத்தின் சுவடே அதில் இல்லை. சென்னையில் உள்ள ஒரு ஏஜென்சிக்கு எழுதியிருந்தாள். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சிக்கான 32 சிறு வீடியோக்களை அவர்களுக்காகத் தமிழாக்கம் செய்து கொடுத்திருந்தாள். வீடியோவுக்கு ₹2,000, மொத்தம் ₹64,000. கடைசி வீடியோவை ஜூன் 12 அன்று கொடுத்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, பில் அனுப்புங்கள் என்று ஜூன் 16 அன்று பதில் வந்தது. மறுநாளே பில் அனுப்பிவிட்டாள். பில் தேதியிலிருந்து 30 நாளில் பணம் என்று வேலை ஆரம்பிக்கும்போதே மெயிலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி ஜூலை 17 அன்று பணம் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. ஜூலை 21-லிருந்து செப்டம்பர் 26 வரை ஐந்து மெயில் எழுதியிருந்தாள். ஐந்துக்கும் பதில் வந்திருந்தது. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன். அவளுடைய இரண்டாவது மெயில் இது:

“வணக்கம் சார். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். என்னுடைய பேமென்ட் பற்றி ஏதாவது தகவல் உண்டா? உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும். மிக்க நன்றி.”

அதற்கு அன்றே பதில்: “உங்கள் பேமென்ட் ப்ராசஸில் இருக்கிறது. ஆனதும் தெரிவிக்கிறோம்.”

ஐந்தாவது மெயிலில் அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றியும் எழுதியிருந்தாள். அந்தப் பதிலில் ஒரு வாக்கியம் கூடியிருந்தது: “புரிகிறது. அக்கவுண்ட்ஸுக்குச் சொல்லியிருக்கிறேன். ப்ராசஸில் இருக்கிறது.”

இப்போது ஆறாவதை எழுதிவிட்டுத்தான் என்னிடம் காட்டினாள். “இத்தனை முறை கேட்டும் பதில் திருப்தியாக இல்லை என்பது வருத்தமாக இருக்கிறது, தயவுசெய்து சீக்கிரம் பாருங்கள்” என்று இருந்தது. இதற்கும் அதே பதில்தான் வரும் என்றேன். ஏன் என்று கேட்டாள்.

அவள் கேட்ட கேள்விக்கு அது உண்மையான பதில் என்பதுதான் காரணம். “ஏதாவது தகவல் உண்டா” என்று கேட்டால் “ப்ராசஸில் இருக்கிறது” என்று சொல்லிவிடலாம். அதில் பொய் இல்லை, சொல்கிறவருக்கு வேலையும் இல்லை. எந்தத் தேதியும் சொல்ல வேண்டியதில்லை, யாரிடமும் எழுந்துபோய்க் கேட்க வேண்டியதில்லை. ஐந்து மெயிலிலும் பில் எண் இல்லை, தொகை இல்லை, வர வேண்டிய நாள் இல்லை. ஒவ்வொன்றும் ‘பேமென்ட்’ என்ற தலைப்பில் புதிதாக எழுதப்பட்டிருந்தது. ஜூன் 16 அன்று வேலையை ஏற்றுக்கொண்ட மெயில் வேறெங்கோ கிடந்தது. படிக்கிறவர் எதையாவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமானால் முதலில் தேட வேண்டும். தேடாமல் சொல்லக்கூடிய பதில் கைவசம் இருக்கிறபோது எவரும் அதைத்தான் சொல்வார்.

இங்கே, பதில் எழுதுகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் வேலையைப் பிரித்துக் கொடுத்து வாங்கும் ஒருங்கிணைப்பாளர். பணம் அவர் கையில் இல்லை. நடுத்தர அளவுள்ள ஏஜென்சி ஒன்றில் பில் போகும் வழி ஏறக்குறைய இப்படி இருக்கும். ஒருங்கிணைப்பாளர் பில்லைச் சரிபார்த்து, வேலை முடிந்தது என்று ஒப்புதல் போடுவார். அக்கவுண்ட்ஸில் ஒருவர் அதைக் கணக்கில் ஏற்றி, வரி பிடித்தத்தைக் கழித்து வைப்பார். மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில், பல இடங்களில் 10-ம் தேதியும் 25-ம் தேதியுமாக, அனுப்ப வேண்டிய பணத்துக்கெல்லாம் ஒரு பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் பெயர் ஏறி, கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் வங்கியின் தளத்தில் அனுமதித்தால்தான் பணம் கிளம்பும். ஏற்றுக்கொண்டது முதல் கிளம்பியது வரை எந்த இடத்தில் பில் நின்றாலும் ஒருங்கிணைப்பாளரின் கம்ப்யூட்டரில் தெரிவது ஒரே சொல்தான்: ப்ராசஸில்.

ஆகவே மெயில் அந்த ஒற்றைச் சொல்லைப் பிரித்துக் கேட்க வேண்டும். பில் எங்கே நிற்கிறது, எந்தத் தேதிப் பட்டியலில் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு ‘ப்ராசஸில் இருக்கிறது’ என்று எழுதினால், பதில் சொல்லவில்லை என்பது எழுதுகிறவருக்கே தெரிந்துவிடும்.

திருத்த உட்காருவதற்கு முன் அவளை ஒரு காரியம் செய்யச் சொன்னேன். வருமான வரித் தளத்தில் நுழைந்து 26 ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

“அது ரிட்டர்ன் போடும்போதுதானே அக்கா பாப்போம்?”

“இப்பப் பாரு. அந்தக் கம்பெனி பேரு இருக்கான்னு சொல்லு.”

இருந்தது. 2025 ஜூன் 30 என்ற தேதியில் ₹64,000. பிடித்த வரி ₹6,400.

ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் வரி பிடிக்கும் நிறுவனம், பணம் கொடுக்கும் நாள் வரை காத்திருக்க முடியாது. பில்லைக் கணக்கில் வரவு வைக்கும் நாள், பணம் கொடுக்கும் நாள் இரண்டில் எது முந்துகிறதோ அன்றே பிடிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதற்கான விவரத்தை வரித்துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான விவரத்துக்குக் கடைசி நாள் ஜூலை 31. தாக்கல் ஆனபின் அது வருமான வரித் தளத்தில் நமக்குத் தெரியும். அதாவது, இந்தப் பெண்ணுக்கு ₹64,000 கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அந்த ஏஜென்சியே ஜூன் கடைசியில் கணக்கெழுதி, அரசாங்கத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டது. பில் கிடைக்கவில்லை, ஒப்புதல் ஆகவில்லை, கணக்கில் ஏறவில்லை என்ற காரணங்கள் எதற்கும் இனி இடமில்லை. மிச்சமிருப்பது பட்டியலும் வங்கியும்தான்.

இந்த அடையாளம் எப்போதும் கிடைக்காது. ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு வரும் தொகை சிறியதாக இருந்தால் வரியே பிடிக்க மாட்டார்கள். தொழில்முறைக் கட்டணத்துக்கான அந்த வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து ₹50,000. காலாண்டு விவரம் தாக்கல் ஆகும் வரை பிடித்ததும் தெரியாது. படிவத்தில் பதிவு இல்லை என்பதாலேயே பில் கணக்கில் ஏறவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இருந்தால் மட்டும் அது பலமான சாட்சி.

அன்றிரவு மெயிலை உட்கார்ந்து திருத்தினோம். முதலில் எடுத்தது மன்னிப்பை. தன் கூலியைக் கேட்கிறவள் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? அவளுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை, மரியாதைக் குறைவாகிவிடும் என்று பயந்தாள். மரியாதை ‘வணக்க’த்திலும் வாக்கியத்தின் அமைதியிலும் இருக்கிறது, தொந்தரவு என்று நாமே பெயர் வைத்துவிட்டால் அவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்றேன். அடுத்து ‘நேரம் கிடைக்கும்போது’ போனது. நேரம் கிடைக்கவில்லை என்று சொல்ல அதுவே வழி கொடுக்கிறது.

அம்மாவின் ஆபரேஷனை எடுக்கச் சொன்னது எனக்கே கஷ்டமாக இருந்தது. அது உண்மை. அவளுடைய அவசரம் முழுக்க அங்கேதான் இருந்தது. ஆனால் அந்த வரியைப் படிக்கும் ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதராக இருந்தால் வருத்தப்படுவார், ஆறுதலாக ஒரு வாக்கியம் எழுதுவார். செப்டம்பர் 26 அன்று நடந்தது அதுதான். பட்டியல் போடுகிற அக்கவுண்ட்ஸ்காரருக்கு ஆறுதல் சொல்லும் வேலை இல்லை. அவருக்குப் பில் எண்ணும் தொகையும் தேதியும் வேண்டும். மேலும், நம் கஷ்டத்தைக் காரணமாகச் சொல்லும்போது வர வேண்டிய கடன் அவர்கள் செய்யும் உதவியாக மாறிவிடுகிறது. கஷ்டம் இல்லாவிட்டாலும் ஜூலை 17 அன்று அந்தப் பணம் அவளுடையதுதானே.

பிறகு எழுதியது இது. தலைப்பிலேயே விஷயத்தை வைத்தோம்: “பில் எண் 14, ₹64,000, ஜூலை 17 அன்று வர வேண்டியது: எந்தத் தேதியில் அனுப்புகிறீர்கள்?”

“வணக்கம். 32 பயிற்சி வீடியோக்களின் தமிழாக்கத்துக்காக ஜூன் 17 அன்று அனுப்பிய பில் எண் 14-க்கான பணம் இன்னும் வரவில்லை. நாம் ஒப்புக்கொண்டபடி 30 நாளில், ஜூலை 17 அன்று வந்திருக்க வேண்டும். இன்றோடு 81 நாள் தாண்டிவிட்டது.

வேலை சரியாக இருக்கிறது என்று ஜூன் 16 அன்று நீங்கள் எழுதிய மெயிலையும் பில்லையும் இணைத்திருக்கிறேன். இந்தப் பில்லுக்கு ₹6,400 வரி பிடித்திருப்பது என் 26 ஏஎஸ் படிவத்தில் ஜூன் 30 தேதியிட்டுத் தெரிகிறது. எனவே பில் உங்கள் கணக்கில் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு வர வேண்டிய மீதி ₹57,600.

இரண்டு விவரம் தேவை. இந்தத் தொகை எந்தத் தேதிப் பட்டியலில் இருக்கிறது? எதிலும் இல்லை என்றால், தடை என்ன, அதை யார் நீக்க வேண்டும்? என் பக்கத்திலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் அன்றே அனுப்பிவிடுகிறேன்.

அக்டோபர் 9, வியாழக்கிழமைக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். அக்கவுண்ட்ஸ் பிரிவையும் இந்த மெயிலில் சேர்த்திருக்கிறேன்.”

புதிய மெயிலாக அனுப்பாமல், வேலையை ஏற்றுக்கொண்ட ஜூன் 16 மெயிலுக்கே பதிலாக, தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பச் சொன்னேன். திறக்கிறவருக்குக் கீழே எல்லாம் வரிசையாக இருக்கும். அக்கவுண்ட்ஸின் முகவரி அவளிடம் இல்லை. பிடித்த வரிக்கான சான்றிதழை எந்த முகவரிக்குக் கேட்டு எழுத வேண்டும் என்று போனில் வரவேற்பறையில் விசாரித்து வாங்கினாள். வெள்ளிக்கிழமை இரவு எழுதியதைத் திங்கள் காலை அனுப்பினாள். வார இறுதியில் வந்து சேரும் மெயில் திங்கட்கிழமை மெயில்களுக்கு அடியில் போய்விடும் என்பதைத் தவிர அதில் வேறு சூட்சுமம் இல்லை.

சட்டத்தைப் பற்றி இந்த மெயிலில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டோம். பணம் ஏன் நிற்கிறது என்பதே தெரியாதபோது நோட்டீஸ் மாதிரி எழுதினால், அதுவரை தகவல் சொல்லக்கூடிய ஆட்கள் வாயை மூடிக்கொண்டு மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். முதலில் தடையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

புதன்கிழமையே பதில் வந்தது. ஒருங்கிணைப்பாளரிடமிருந்து அல்ல, அவள் அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத ஓர் அக்கவுண்ட்ஸ் ஊழியரிடமிருந்து. பில் ஜூன் 30 அன்றே கணக்கில் ஏறிவிட்டது. ஆனால் அவளுடைய வங்கிக் கணக்கு சரிபார்க்கப்படவில்லை. ரத்து செய்த காசோலை, அதாவது எல்லோரும் கேன்சல்டு செக் என்று சொல்லும் அந்தத் தாள், அக்கவுண்ட்ஸுக்கு வரவே இல்லை. அது இல்லாதவரை அவர்களுடைய மென்பொருள் அவள் பெயரை ஒவ்வொரு பட்டியலிலும் தானாகவே தள்ளி வைத்துவிடும். ஜூலையிலிருந்து ஆறு பட்டியல் அப்படிப் போயிருந்தது.

அவள் அந்தக் காசோலையை மே மாதமே அனுப்பியிருந்தாள். ஒருங்கிணைப்பாளரின் வாட்ஸ்அப்புக்கு. அது அவர் போனிலேயே தங்கிவிட்டது.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் ஏமாற்றவில்லை. தன் திரையில் தெரிந்ததை எழுதினார். தவறு, மூன்று மாதத்தில் ஒருமுறைகூட அக்கவுண்ட்ஸிடம் ‘ஏன்’ என்று கேட்காமல் விட்டதில் இருக்கிறது. கேட்க வைக்கிற கேள்வி அவருக்குப் போய்ச் சேரவும் இல்லை. தாமதமாகும் பில்களில் எத்தனையோ இந்த மாதிரிச் சின்ன முட்டுக்கட்டையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பான் எண்ணில் ஓர் எழுத்துப் பிழை இருக்கும். வேலை ஆணை எண் பில்லில் விட்டுப்போயிருக்கும். ஜிஎஸ்டி பதிவு இல்லை என்ற உறுதிமொழிக் கடிதம் வந்திருக்காது. இவற்றைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும், தெரிந்தால்.

தடை இப்படிப்பட்டதா, வேறு விதமா என்பது பதிலின் தொனியிலேயே தெரியும். ஆவணம் குறைகிறது என்றால் எந்த ஆவணம் என்று சொல்வார்கள், கொடுத்ததும் தேதி சொல்வார்கள். எங்கள் வாடிக்கையாளரே எங்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை என்று வந்தால், அது பணத்தட்டுப்பாடு. அப்போது பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்பது. அவளுடையதில் இருந்தது ‘பில் தேதியிலிருந்து 30 நாள்’ மட்டுமே. வாடிக்கையாளர் கொடுத்தபின் தருவோம் என்று எங்கும் எழுதவில்லை என்றால், அந்தக் காரணம் அவர்களுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் உள்ளது என்று ஒரே வாக்கியத்தில் பதில் எழுதலாம். மூன்றாவது வகை, ஒவ்வொரு முறையும் ஒரு புது ஆவணம் கேட்பது. முதல் முறை கேட்டபோதே “இதைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்” என்று எழுதி வாங்கிவிட வேண்டும்.

அவளும் அப்படித்தான் செய்தாள். காசோலையை அன்றே அனுப்பி, தடை நீங்கியதா, எந்தப் பட்டியல் என்று கேட்டாள். 10-ம் தேதிப் பட்டியல் மூடிவிட்டது, 25 சனிக்கிழமை என்பதால் 24 அன்று அனுப்புகிறோம் என்று பதில். தீபாவளி அக்டோபர் 20 அன்று பணமில்லாமலேயே போனது.

24 அன்றும் வரவில்லை. 27, திங்கட்கிழமை அவள் கேட்டதற்கு ஒருங்கிணைப்பாளர் எழுதினார்: “பேமென்ட் ப்ராசஸ் ஆகிவிட்டது.”

இந்தச் சொல்லில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ப்ராசஸ் ஆகிவிட்டது என்றால் பட்டியல் தயாராகி அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். பணம் வங்கியைவிட்டுக் கிளம்பியதற்கு அடையாளம் ஒன்றே ஒன்றுதான்: யுடிஆர் எண். நெஃப்டில் அனுப்பினாலும் வேறு வழியில் அனுப்பினாலும் வங்கி ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஓர் அடையாள எண் தரும். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து விடுமுறை நாளிலும் இரவிலும்கூட இயங்குகிறது. அதனால் வங்கி விடுமுறை என்ற காரணம் பெரும்பாலும் நிற்காது. அந்த எண் இருந்தால் நம் வங்கியில் கொடுத்துப் பணம் எங்கே என்று தேடலாம். எண்ணைத் தர முடியவில்லை என்றால் அனுப்பவில்லை.

போனில் கேட்டாள். அனுமதிக்க வேண்டிய இயக்குநர் ஊரில் இல்லை, இந்த வாரம் ஆகிவிடும் என்றார் ஒருங்கிணைப்பாளர். அந்தப் பேச்சை அப்படியே இரண்டு வரியில் மெயிலாக எழுதி அனுப்பச் சொன்னேன். போனில் பேசியது காற்றோடு போய்விடும். “நாம் இன்று பேசியபடி” என்று தொடங்கும் மெயில் இருந்துவிடும். அவருடைய பழைய ‘ப்ராசஸில்’ பதில்களையும் அழிக்காதே என்றேன். அவற்றில் ஒன்றில்கூட பில் தவறு, வேலை சரியில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. நாளைக்கு வழக்கு என்று வந்தால், பணம் தர வேண்டியிருப்பதை அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி அவைதான்.

இப்போது சட்டத்தைச் சொல்லும் நேரம் வந்திருந்தது. தடை தெரிந்துவிட்டது, நீங்கிவிட்டது, அவர்களே கொடுத்த தேதியும் போய்விட்டது. 28-ம் தேதி இரண்டாவது கடிதம்:

“வணக்கம். அக்டோபர் 8 அன்று நீங்கள் எழுதியபடி 24 அன்று வர வேண்டிய ₹57,600 வரவில்லை. அனுப்பிவிட்டீர்கள் என்றால் யுடிஆர் எண்ணைத் தாருங்கள். அனுப்பவில்லை என்றால் அக்டோபர் 31, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

நான் குறுந்தொழிலாக உத்யம் பதிவு பெற்றவள். பதிவுச் சான்றை இணைத்திருக்கிறேன். எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம் 2006, பிரிவு 15, 16-ன்படி ஜூலை 17-க்குப் பின் தாமதமான காலத்துக்கு வட்டி சேர்கிறது. அக்டோபர் 17 வரை அது சுமார் ₹2,520. அசல் 31-க்குள் வந்துவிட்டால் இந்தப் பில்லுக்கு வட்டி கேட்க மாட்டேன். வராவிட்டால் நவம்பர் 3, திங்கட்கிழமை மாநில வசதியாக்கக் குழுவுக்கான மனுவைப் பதிவு செய்வேன்.”

வட்டிக் கணக்கை அவளே போட்டாள். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி என்பது அந்தச் சட்டத்தின் கணக்கு. அப்போது வங்கி விகிதம் 5.75 சதவீதம். மூன்று மடங்கு 17.25. ₹57,600-க்கு முதல் மாதம் ₹828. இரண்டாம் மாதம் அந்த வட்டிக்கும் வட்டி சேர்ந்து ₹840. மூன்றாம் மாதம் ₹852.

சட்டம் சொல்வது எளிமையானது. வாங்குகிறவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாளை எவ்வளவு தள்ளி எழுதிக்கொண்டாலும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே எழுதவில்லை என்றால் 15 நாள். வேலையைக் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், கொடுத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். இந்தப் பாதுகாப்பு சேவைத் தொழில் செய்யும் தனிநபருக்கும் உண்டு, உத்யம் பதிவு இருந்தால். ஆதார் எண்ணை வைத்து வீட்டிலிருந்தே இலவசமாகப் பதியலாம். ஆனால் வேலையைத் தொடங்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும். பில் நின்றபின் ஓடிப்போய்ப் பதிந்தால் பழைய பில்லுக்கு அது உதவும் என்று நம்ப முடியாது. இவள் 2023-லேயே பதிந்திருந்தாள். அந்த எண்ணைப் பில்லில் போடாமல் விட்டதுதான் குறை.

அக்கவுண்ட்ஸ் பிரிவு இந்த எண்ணைக் கண்டால் நிமிர்ந்து உட்கார்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2023-ல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த விதிப்படி, குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டியதை இந்தக் கெடுவுக்குள் தராமல் ஆண்டு முடிந்துவிட்டால், அதை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். பிப்ரவரி, மார்ச்சில் பதிவு எண்ணோடு போகும் கடிதங்களுக்குச் சட்டென்று பதில் வருவது இதனால்தான்.

இந்தச் சட்டப்படி போடும் மனு மாநிலத்தின் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். முதலில் சமரசம், ஆகாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். தீர்ப்பை எதிர்த்துப் போக நினைக்கும் நிறுவனம் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்பது இதன் பலம். பதிவு இல்லாதவர்களுக்கு வக்கீல் நோட்டீஸும் சிவில் வழக்கும் இருக்கின்றன. பொதுவாக, பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எந்த வழியானாலும், நவம்பர் 3 என்று எழுதினால் அன்று மனு போடத் தயாராக இருக்க வேண்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். போட மனமில்லாவிட்டால் அந்த வரியை எழுதவே கூடாது. சொன்ன தேதி ஒருமுறை சும்மா போய்விட்டால், அடுத்த கடிதத்தை யாரும் திறக்க மாட்டார்கள். அவள் வியாழன் இரவே மனுவுக்கான ஆவணங்களை ஒரு கோப்பில் போட்டு வைத்துவிட்டாள்.

வட்டியை விட்டுக்கொடுத்ததில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ₹2,520 அவளுக்கு அரைநாள் உழைப்புக்கு மேல். ஆனால் அவள் அந்த ஏஜென்சியோடு மறுபடி வேலை செய்ய விரும்பினாள். அவர்களுக்கு 31-க்குள் கொடுப்பதில் ஓர் ஆதாயம் இருக்கட்டும் என்று அவளே முடிவெடுத்தாள். அது அவளுடைய பணம், அவளுடைய முடிவு.

31-ம் தேதி மாலை நாலரை மணிக்கு அவளுடைய போனில் வங்கியின் குறுஞ்செய்தி வந்தது. ₹57,600. அடுத்த நிமிடமே எனக்கும் அதை அனுப்பினாள்.

அன்றே அந்த மெயில் சங்கிலியை முடித்து இரண்டு வரி எழுதினாள்: “பில் எண் 14-க்கான ₹57,600 இன்று கிடைத்தது, நன்றி. என் வங்கி விவரம் சரிபார்க்கப்பட்டுவிட்டது, அடுத்த பில்லுக்கு மறுபடி காசோலை தேவையில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.” தேவையில்லை என்று அக்கவுண்ட்ஸிலிருந்து திங்கட்கிழமை பதில் வந்தது.

நவம்பரில் அதே ஏஜென்சிக்கு பில் எண் 15 போனது. தொகைக்குக் கீழே உத்யம் எண் இருந்தது. அதற்கும் கீழே, 30 நாள் என்று எழுதுவதற்குப் பதிலாக, பணம் வர வேண்டிய தேதியையே எழுதியிருந்தாள். பெறுநர் வரிசையில் ஒருங்கிணைப்பாளருக்குப் பக்கத்திலேயே அக்கவுண்ட்ஸின் முகவரியும் இருந்தது.